சொல்லைப் பிரிக்கும் முன் வாக்கியத்தைப் படியுங்கள்

மத்திய அரசுப் பணிகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் மொத்தம் 100 கேள்விகள், நேரம் 60 நிமிடம். அதில் 25 கேள்விகள் ஆங்கிலம். இந்தச் சொல்லுக்கு இணைச்சொல் எது, எதிர்ச்சொல் எது, கோடிட்ட இடத்தில் எது பொருந்தும், இந்த விளக்கத்தை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது என்று சொல்வளத்தைச் சோதிக்கும் கேள்விகள் அந்த 25-க்குள் தவறாமல் வரும். எவ்வளவு படித்துவிட்டுப் போனாலும் முன்பின் பார்த்திராத சொல் ஒன்றாவது அங்கே காத்திருக்கும். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூட இல்லாத இடத்தில், அந்தச் சொல்லை என்ன செய்வது?

பயிற்சி மையங்களில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு. சொல்லைப் பிரி, முன்னொட்டைப் பார், வேரைப் பார், பொருள் வந்துவிடும் என்பார்கள். நார்மன் லூயிஸ் 1949-ல் எழுதிய ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ புத்தகம் இன்றும் இந்தியா முழுக்க விற்பதற்குக் காரணம் இந்த நம்பிக்கைதான். நல்ல புத்தகம், சந்தேகமில்லை. லத்தீன், கிரேக்க வேர்களை அதைப்போல எளிதாகச் சொல்லிக் கொடுத்த புத்தகங்கள் குறைவு. ஆனால் தேர்வறையில் முதல் வேலையாகச் சொல்லை வெட்டிப் பார்ப்பது பல நேரம் தவறான விடைக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. எப்படி என்று ஒரு சொல்லை வைத்தே பார்ப்போம்.

‘எனர்வேட்’ என்று ஒரு வினைச்சொல். ஒரு கேள்வியில் இது வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்திருக்கும் விடைகள் நான்கு: பலப்படுத்து, எரிச்சலூட்டு, பலவீனப்படுத்து, வியக்க வை. சொல்லை மட்டும் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ‘எனர்ஜி’. அடுத்து ‘நெர்வ்’, அதாவது நரம்பு. ஆற்றலும் நரம்பும் சேர்ந்தால் முறுக்கேறத்தானே வேண்டும்? கை தானாகப் ‘பலப்படுத்து’ என்பதன் மேல் போய்விடும். தவறு.

இப்போது அதே சொல்லை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் பாருங்கள். ‘மே மாத வெயில் கூலியாட்களை எவ்வளவு எனர்வேட் செய்துவிட்டது என்றால், நண்பகலில் அவர்களால் மண்வெட்டியைத் தூக்கக்கூட முடியவில்லை.’ இங்கே அகராதியே தேவையில்லை. மண்வெட்டியைத் தூக்க முடியாதவனை வெயில் என்ன செய்திருக்கும்? அவன் வியந்திருந்தாலும் மண்வெட்டியைத் தூக்குவான், எரிச்சல்பட்டாலும் தூக்குவான். ‘எவ்வளவு… என்றால்’ என்ற அமைப்பு காரணத்தையும் விளைவையும் சேர்த்துக் கட்டிவிட்டது. விளைவு சோர்வு என்றால் காரணமும் சோர வைப்பதாகத்தான் இருக்கவேண்டும். ‘பலவீனப்படுத்து’ என்பதே விடை.

விடை கிடைத்தபின் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். முன்னால் உள்ள ‘இ’ என்ற எழுத்து, ‘எக்ஸ்’ என்ற லத்தீன் முன்னொட்டின் குறுகிய வடிவம். ‘வெளியே’ என்று பொருள். ‘நெர்வுஸ்’ என்றால் லத்தீனில் தசைநார். நாரை உருவி வெளியே எடுத்துவிட்டால் உடம்பில் என்ன வலு இருக்கும்? வேர் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதை முந்திக்கொண்டு கேட்டோம், அதுவும் பாதியை மட்டும் கேட்டோம்.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில், விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பால் நேஷன், சொல்வளம் பற்றிய ஆய்வில் உலகெங்கும் மதிக்கப்படுபவர். தெரியாத சொல்லை ஊகிக்க அவரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும் 1980-ல் ஒரு வரிசை முறையைத் தந்தார்கள். சொல் பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா என்று முதலில் முடிவு செய்யவேண்டும். அடுத்து, அது நிற்கும் வாக்கியத்தில் யார் யாரை என்ன செய்கிறார் என்று பார்க்கவேண்டும். பிறகு, அந்த வாக்கியத்துக்கும் முன்பின் வாக்கியங்களுக்கும் என்ன உறவு, காரணமா, முரணா, உதாரணமா என்று பார்க்கவேண்டும். அதன்பிறகே ஊகம். சொல்லை முன்னொட்டும் வேருமாகப் பிரிப்பதை நேஷன் கடைசியில் வைக்கிறார், அதுவும் ஊகத்தைச் சரிபார்க்கும் வேலையாக. சொல்லை முதலிலேயே பிரித்து ஒரு பொருளை மனதில் ஏற்றிக்கொண்டால், பிறகு வாக்கியத்தையே அந்தப் பொருளுக்கு ஏற்ப வளைத்துப் படிக்கத் தொடங்கிவிடுவோம் என்பதுதான் காரணம்.

இந்த வரிசையைத் தமிழில் சிந்திக்கும் மாணவர்கள் பின்பற்ற ஓர் எளிய வழி இருக்கிறது. விடைகள் நான்கையும் முதலில் பார்க்காதீர்கள். வாக்கியத்தை மட்டும் படித்து, தெரியாத சொல் இருக்கும் இடத்தைக் காலியாக நினைத்து, அங்கே பொருந்தும் தமிழ்ச் சொல் ஒன்றை மனதுக்குள் போடுங்கள். ‘சோர்வடையச் செய்தது’, ‘தடுத்தது’, ‘பாராட்டினார்’ என்று எதுவாக இருந்தாலும் சரி. அதன்பிறகு விடைகளைப் பார்த்தால், உங்கள் தமிழ்ச் சொல்லுக்கு எது பக்கத்தில் நிற்கிறது என்று மட்டும் தேடினால் போதும். விடைகளை முதலில் படித்துவிட்டால், அவை நான்குமே வாக்கியத்தில் ஓரளவு பொருந்துவதுபோல் தோன்றத் தொடங்கிவிடும். அப்படித் தோன்றவேண்டும் என்றுதானே கேள்வி தயாரிப்பவர் அவற்றை அமைக்கிறார்!

இன்னொரு வாக்கியத்தில் இதைச் செய்து பார்ப்போம். ‘ரகுவின் அண்ணன் சம்பாதித்ததை எல்லாம் வாரி இறைத்தான், ரகுவோ, அதற்கு நேர்மாறாக, மிகவும் பார்சிமோனியஸ், பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்த ஐந்து மைல் நடந்தே போவான்.’ விடைகள்: தாராளமானவன், ஏழை, கஞ்சன், உழைப்பாளி. வாக்கியத்தின் பின்பாதியை மட்டும் படித்தவருக்கு ‘ஏழை’ சரியென்று படும். பணம் இல்லாதவன்தானே அவ்வளவு தூரம் நடப்பான்? ‘உழைப்பாளி’கூட ஓரளவு ஒட்டும். ஆனால் ‘அதற்கு நேர்மாறாக’ என்பதை விட்டுவிடக்கூடாது. அண்ணனைப் பற்றிச் சொன்னது அவன் எவ்வளவு சம்பாதித்தான் என்பதல்ல, எப்படிச் செலவழித்தான் என்பது. அதற்கு எதிர்ப்பக்கமும் செலவழிக்கும் விதமாகத்தான் இருக்கவேண்டும். வாரி இறைப்பதற்கு எதிர்ப்பக்கம் ஏழ்மை இல்லை, கஞ்சத்தனம். ‘கஞ்சன்’ என்பதே விடை. இங்கே வேர் எதுவும் தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆங்கில வாக்கியங்களில் இந்த வேலையைச் செய்பவை ‘பட்’, ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’, ‘டெஸ்பைட்’, ‘அன்லைக்’ போன்ற சிறு சொற்கள். பிகாஸ், தேர்ஃபோர் போன்றவை அதே திசையில் போகச் சொல்லும். ‘பட்’ வகையறா திரும்பச் சொல்லும். தெரியாத பெரிய சொல்லைப் பார்த்துப் பதறும் மாணவர்கள், தெரிந்த இந்தச் சிறு சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் பார்த்தவரை, தெரியாத சொல்லால் தவறியவர்களைவிட இந்தச் சிறு சொல்லைத் தாண்டியதால் தவறியவர்கள்தான் அதிகம்.

வாக்கியமே இல்லாத கேள்விகள் என்ன ஆவது? எஸ்.எஸ்.சி. தேர்வில் தனிச்சொல்லைக் கொடுத்து இணைச்சொல் கேட்பது வழக்கம்தான். அங்கே வேரும் முன்னொட்டும் முன்வரிசைக்கு வந்துவிடுகின்றன. ஆனால் வேர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, ஏற்கெனவே நம் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து வேரை எடுப்பது எளிது, மறக்கவும் மறக்காது.

‘மாலெவலென்ட்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முன்பாதியில் இருக்கும் ‘மால்’ நமக்குப் புதிதல்ல. மலேரியா என்ற பெயர் ‘கெட்ட காற்று’ என்ற இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அந்தக் காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணம் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். தேர்வறையில் காப்பியடிப்பதற்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் ‘மால்பிராக்டிஸ்’. ஊட்டச்சத்துக் குறைபாடு ‘மால்நியூட்ரிஷன்’. ஆக, ‘மால்’ என்றால் கெட்டது, தீயது. பின்பாதியில் இருக்கும் ‘வோல்’ எங்கே இருக்கிறது? ‘வாலண்டியர்’ என்ற சொல்லில். தானாக விரும்பி வருபவர்தானே வாலண்டியர்? விருப்பம் என்பது அந்த வேரின் பொருள். தீமையை விரும்புகிற என்று சேர்த்துப் படித்தால் ‘பிறர் கெட வேண்டும் என்று நினைக்கிற’ என்ற விடை கைக்கு வந்துவிடுகிறது. ‘பெனவலென்ட்’ என்ற அதன் எதிர்ச்சொல்லும் இனி புதிராக இருக்காது.

‘ஆம்புலன்ஸ்’ நம் தெருவில் ஓடாத நாளில்லை. லத்தீனில் ‘அம்புலாரே’ என்றால் நடப்பது. போர்க்களத்தில் படையோடு கூடவே நகர்ந்து போன மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடக்கும் மருத்துவமனை’ என்றார்கள். அந்தப் பெயர்தான் பிற்பாடு வண்டிக்கு வந்தது. தூக்கமின்மைக்கு மருத்துவர் சொல்லும் பெயர் ‘இன்சோம்னியா’. நடுவில் இருக்கும் ‘சோம்ன்’ தூக்கம். இந்த இரண்டும் தெரிந்தவருக்கு, ‘தூக்கத்தில் நடப்பவரைக் குறிக்கும் ஒரே சொல் எது’ என்ற கேள்வியில் ‘சோம்னாம்புலிஸ்ட்’ என்ற விடை தானே தென்படும். அதை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்டிருக்கத் தேவையில்லை.

முன்னொட்டிலும் நமக்கு ஒரு சாதகம் உண்டு. தமிழில் எதிர்மறை பெரும்பாலும் சொல்லின் பிற்பகுதியில் வரும்: வராது, செய்யாத, இல்லாமல். ஆனால் வடமொழியிலிருந்து வந்து தமிழில் கலந்த சொற்களில் அது முன்னால் நிற்கிறது: சுத்தம், அசுத்தம்; அவசியம், அனாவசியம். மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘அ’, உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ‘அன்’. கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போன முன்னொட்டும் இதே விதிப்படிதான் நடக்கிறது. கடவுள் இல்லை என்பவர் ‘ஏதியிஸ்ட்’, ஆட்சி இல்லாத நிலை ‘அனார்க்கி’. ‘துர்நாற்றம்’ என்பதில் உள்ள ‘துர்’ என்பதும், ‘டிஸ்லெக்சியா’ என்பதில் உள்ள கிரேக்க ‘டிஸ்’ என்பதும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் வந்த ஒற்றுமை இது.

இதுவரை சொன்னதை வைத்து வேர்களை முழுக்க நம்பிவிடவும் கூடாது. லத்தீனிலிருந்து வந்த ‘இன்’ என்ற முன்னொட்டு பலரைக் கவிழ்த்திருக்கிறது. ‘இல்லை’ என்பது அதன் ஒரு பொருள். ‘உள்ளே, மேலே’ என்பது இன்னொன்று. நம் சாலைகளில் போகும் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ‘இன்’ என்றால் ‘இல்லை’ என்று மட்டும் படித்தவர் அதைத் ‘தீப்பிடிக்காதது’ என்று எண்ணிவிடலாம். உண்மையில் அது ‘எளிதில் தீப்பற்றுவது’. அங்கே இருப்பது இரண்டாவது ‘இன்’. ‘இன்வேல்யுபிள்’ என்பதில் இருப்பது ‘இல்லை’ என்ற முதலாவதுதான். ஆனாலும் ‘மதிப்பற்றது’ என்று பொருள் கொண்டால் தவறு. மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதே அதன் பொருள். ‘இன்டிஃபரன்ட்’ என்பதைப் பிரித்தால் ‘வேறுபடாதது’ என்று வரும். பழக்கத்தில் அதன் பொருள் ‘அக்கறையற்ற’. இந்த மூன்றில் எதையும் முன்னொட்டை மட்டும் வைத்துச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

ஒலி ஒன்றாக இருந்து எழுத்து மாறுவதும் உண்டு. நாம் ‘ஆன்டி’ என்று சொல்லும் முன்னொட்டு இரண்டு. ‘ஐ’ என்ற எழுத்தில் முடிந்தால் ‘எதிரான’. ஆன்டிபயாடிக் அந்த வகை. ‘ஈ’ என்ற எழுத்தில் முடிந்தால் ‘முன்னால்’. அரசு வேலைக்குத் தேர்வானவர்களின் நடத்தையையும் ‘ஆன்டிசீடன்ட்ஸ்’ என்பதையும் காவல் துறை சரிபார்க்கும் அல்லவா? அது முன்வரலாறு, யாருக்கும் எதிரானது இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதால், இந்த வகைச் சொற்களை ஆங்கில எழுத்துக்கூட்டலோடுதான் மனதில் வைக்கவேண்டும்.

இப்படி, பார்த்தால் புரிந்ததுபோல் தோன்றி ஏமாற்றும் சொற்களை இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழக ஆய்வாளர் பட்யா லாஃபர் தனியாக ஆராய்ந்தார். ‘ஷார்ட்கமிங்ஸ்’ என்றால் குறைபாடுகள். மாணவர்கள் அதைக் ‘குறுகிய வருகை’ என்று புரிந்துகொண்டார்கள். ‘இன்ஃபாலிபிள்’ என்றால் தவறே செய்யாத. அதைக் ‘கீழே விழாத’ என்று படித்தார்கள். தெரியாத சொல்லைவிட இந்த வகை ஆபத்தானது என்பது என் கருத்து. தெரியாத சொல்லில் நாம் நிதானிக்கிறோம். தெரிந்ததுபோல் தோன்றும் சொல்லில் நிதானிப்பதே இல்லை; வாக்கியத்தின் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை.

ஊகிக்கவே கூடாத இடங்களும் இருக்கின்றன. ‘அதிகாரி ஒரு லக்கானிக் பதிலைச் சொன்னார்’ என்று ஒரு வாக்கியம் இருந்தால், அந்த இடத்தில் நீண்ட, சுருக்கமான, கோபமான, அன்பான என்று எந்தப் பெயரடையும் பொருந்தும். ‘லக்கானிக்’ என்றால் சுருக்கமான. ஆனால் அதை அந்த வாக்கியம் சொல்லவில்லை. வாக்கியத்தில் காரணமும் இல்லை, முரணும் இல்லை என்றால் அங்கே துப்பே கிடையாது என்று ஒப்புக்கொண்டு நகர்வதுதான் சரி. சுற்றியிருக்கும் சொற்களும் தெரியவில்லை என்றாலும் இதே நிலைதான். ஒரு கதையை வெளியுதவி இல்லாமல் ஓரளவு நன்றாகப் புரிந்துகொள்ள அதன் சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று, பால் நேஷன் பங்கேற்று 2000-ல் வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. ஐம்பது சொல்லுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம், அவ்வளவுதான். பத்துக்கு ஒன்று தெரியாத பத்தியில் ஊகிப்பது, இரண்டு தெரியாத சொற்களில் ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிப்பதாகிவிடும்.

எப்போது துணிவது, எப்போது விடுவது என்பதை மதிப்பெண் கணக்கும் சொல்லும். எஸ்.எஸ்.சி. முதல் கட்டத்தில் சரியான விடைக்கு 2 மதிப்பெண், தவறுக்கு அரை மதிப்பெண் கழிவு, விடைகள் நான்கு. நான்கு கேள்விகளைக் குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும்: 2 கிடைத்து ஒன்றரை போகும்; மிச்சம் அரை மதிப்பெண். அதே நான்கு கேள்விகளிலும் இரண்டிரண்டு விடைகளைச் சரியாக நீக்கிவிட்டுக் குறித்தால் சராசரியாக இரண்டு சரியாகும்: 4 கிடைத்து 1 போகும், மிச்சம் 3. வங்கித் தேர்வான ஐ.பி.பி.எஸ். முதல்நிலையில் விடைகள் ஐந்து, ஒரு கேள்விக்கு 1 மதிப்பெண், தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. அங்கே ஐந்து கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக 1 கிடைத்து 1 போய்விடும், மிச்சம் பூஜ்ஜியம்.

ஆகவே, சொல்லின் முழுப் பொருளையும் கண்டுபிடிக்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. அது நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. ‘மால்’ என்ற இரண்டெழுத்து பல நேரம் அதற்குப் போதும். கெட்ட பொருள் என்று உறுதியானால் நல்ல பொருள் தரும் விடைகள் விலகிவிடும். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: எதிர்ச்சொல் கேட்கும் கேள்வியில் இணைச்சொல்லையும் விடைகளுக்குள் வைத்திருப்பார்கள். பொருளைச் சரியாகக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் அதையே குறித்துவிட்டு வருபவர்கள் நிறைய. குறிப்பதற்கு முன் கேள்வியை இன்னொரு முறை படியுங்கள்.

இன்று மாலையே பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, வாக்கியத்தோடு வரும் சொல்வளக் கேள்விகளாகப் பத்தைத் தேர்ந்தெடுங்கள். விடைகளை ஒரு தாளால் மறைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் உங்கள் தமிழ்ச் சொல்லைப் பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஊகத்துக்கு வாக்கியத்தின் எந்தச் சொல் காரணம் என்று அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட எதுவும் அகப்படவில்லை என்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தேர்வறையிலும் அதையே செய்யுங்கள்.